என் முதல் ராஜினாமா கடிதம் ஒரு லீவ் லெட்டர் மாதிரி இருந்தது

போன வாரம் சித்தி பையன் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். முதல் வேலையை விடப்போகிறான், அதற்கு எழுதிய கடிதம். "அக்கா, ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க, காலைல அனுப்பணும்." திறந்து பார்த்தால் ஒன்றரைப் பக்கம். மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால் பணியைத் தொடர இயலாத நிலையில் உள்ளேன், ஆகவே என்னை விடுவித்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தேதி எங்கேயும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் 2022-இல் நான் எழுதிய முதல் கடிதமும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரே அலுவல் கடிதம் லீவ் லெட்டர். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவி. அந்த அச்சு மனதில் பதிந்துவிட்டதால், வேலையை விடும்போதும் அனுமதி கேட்கிற மாதிரியே கை போகிறது. ஆனால் ராஜினாமா அனுமதிக் கடிதம் இல்லை, அது ஒரு அறிவிப்பு. நான் போகிறேன், இந்தத் தேதியோடு போகிறேன், அதுவரை ஒப்பந்தத்தில் சொன்னபடி வேலை செய்வேன் என்று சொல்வதுதான் அதன் வேலை. இந்த வித்தியாசம் புரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஜூனியர் அசிஸ்டென்ட். வெண்டர் பில்களைச் சரிபார்த்து என்ட்ரி போடுவது, மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கு ஒத்துப்பார்ப்பது, இதுதான் வேலை. சம்பளம் 18,000. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தேன். இன்னொரு இடத்தில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரும் கையில் வந்தது. (ஆஃபர் லெட்டர் எழுத்தில் வராமல், "செலக்ட் ஆயிட்டீங்க" என்று போனில் சொன்னதை நம்பி பேப்பர் போடாதீர்கள். என்கூட இருந்த ஒரு பெண் போட்டாள், அப்புறம் நாலு மாதம் வீட்டில் இருந்தாள்.) புதிய இடத்தில் எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். அறுபது நாள் நோட்டீஸ் என்று ஞாபகம் இருந்தது, காலண்டரைப் பார்த்து மனக்கணக்காக மே 4, புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். அவர்களும் அந்தத் தேதியை ஆஃபரில் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 4, வெள்ளிக்கிழமை. பகல் முழுக்க டீம் லீட் அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அவருக்கு மட்டும் மெயில் அனுப்பிவிட்டுப் போனை சைலன்ட்டில் போட்டுப் படுத்துவிட்டேன். அந்த மெயிலில் என்ன இருந்தது என்று இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. வேலையிலிருந்து விலக விரும்புகிறேன் என்று ஆரம்பம். நடுவில், இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை, மாதக் கடைசியில் ஒன்பது மணி வரை உட்கார வேண்டியிருக்கிறது, பஸ் கிடைப்பதில்லை என்று ஒரு பெரிய பத்தி. முடிவில், தயவுசெய்து என்னைக் கூடிய சீக்கிரம் விடுவிக்கவும். அவ்வளவுதான். என் கணக்குப்படி அன்றிலிருந்து அறுபது நாள் ஓட ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். அக்கா அப்போதுதான் அந்த மெயிலை அவருக்கு அனுப்பியிருந்தார். மேடம் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "இதுல நீங்க ரிசைன் பண்றேன்னே சொல்லலையேம்மா, விரும்புறேன்னுதான் இருக்கு. சம்பளப் பிரச்சினையும் எழுதியிருக்கீங்க. இதை நான் ராஜினாமாவா எடுத்துக்கறதா, கம்ப்ளெய்ன்டா எடுத்துக்கறதா?" எனக்குப் பதில் இல்லை. மேனேஜர் சாரையும் எச்.ஆரையும் சேர்த்து, தேதி போட்டு, ஒழுங்காக ஒரு மெயில் இன்றைக்கு அனுப்புங்கள், அன்றைக்கிருந்துதான் நோட்டீஸ் கணக்கு என்று சொல்லிவிட்டார். எங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துக் காட்டினார். எழுத்துப்பூர்வமாக நிர்வாகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து அறுபது நாள் என்று அதில் தெளிவாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட காகிதம்தான், நான் சம்பளம் இருக்கிற பக்கத்தைத் தவிர வேறெதையும் படித்ததில்லை.

அன்று மதியம் பக்கத்து சீட் அண்ணன் ஒருவர், பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர், டீ குடித்துக்கொண்டே என் கடிதத்தைத் திருத்தினார். முதலில் குறைகள் இருந்த பத்தியை அப்படியே அடித்தார். அதெல்லாம் பொய்யா என்று கேட்டேன். "பொய் இல்லம்மா. ஆனா இந்தக் காகிதம் உன் ஃபைல்ல இருக்கும். நாளைக்குப் புதுக் கம்பெனிக்காரங்க வெரிஃபிகேஷனுக்குக் கேட்டா, அப்ப சீட்ல இருக்கிறவர் உன்னைப் பாத்ததே இல்லை, இந்தக் காகிதத்தைத்தான் பாப்பார். பஸ் கதையை அவருக்கு எதுக்கு சொல்ற?" சொல்ல வேண்டியதைச் சாரிடம் நேரில் சொல், வெளியேறும்போது எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒன்று இருந்தால் அங்கே சொல் என்றார்.

அப்புறம் நாள் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. மார்ச் 7 கடிதம் கொடுத்தால், மறுநாள் 8-ஆம் தேதிதான் முதல் நாள். 8 முதல் 31 வரை 24 நாள். ஏப்ரல் முழுக்க 30, ஆக 54. மே மாதம் ஆறு நாள், மொத்தம் 60. கடைசி வேலை நாள் மே 6, வெள்ளிக்கிழமை. கடிதம் கொடுத்த நாளையே முதல் நாளாக எண்ணினால் மே 5 வரும். சில இடங்களில் அப்படியும் எண்ணுவார்கள். ஆர்டரில் 60 நாள் என்று இல்லாமல் இரண்டு மாதம் என்று இருந்தால் அது வேறு கணக்கு, மாதங்களுக்கு 28-உம் 31-உம் இருப்பதால் ஒன்றிரண்டு நாள் முன்பின் வரும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் பொதுவாக இந்த அறுபதுக்குள் சேரும், ஆர்டரில் வேலை நாட்கள் என்று தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய. இத்தனை குழப்பத்தையும் தீர்க்க ஒரே வழி, நீங்களே எண்ணி, ஒரு தேதியைக் கிழமையோடு கடிதத்தில் எழுதிவிடுவது. தப்பாக இருந்தால் அன்றைக்கே திருத்துவார்கள். எழுதாமல் விட்டால் அறுபதாவது நாள் சண்டை வரும்.

வேடிக்கை என்னவென்றால், நான் வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணி வைத்திருந்த அறுபதாவது நாள் மே 3. அந்த வருஷம் அன்றைக்கு ரம்ஜான். ஆபீஸே கிடையாது. லேப்டாப்பை யாரிடம் கொடுத்து, நோ டியூஸ் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்கியிருப்பேன்? கடைசி நாள் விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளா, அடுத்த வேலை நாளா என்று எச்.ஆரிடம் கேட்டுக்கொண்டு அதைக் கடிதத்தில் போடுங்கள். நாமாக முந்தைய நாளைப் போட்டுவிட்டால், ஒரு நாள் குறைகிறது என்று கணக்கில் பிடிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

அண்ணன் திருத்தித் தந்ததை ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். இங்கே தமிழில் எழுதுகிறேன், அளவு எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

பொருள்: பணி விலகல் – (பெயர்), (பணியாளர் எண்)

அன்புள்ள சார்,

அக்கவுன்ட்ஸ் பிரிவில் நான் வகிக்கும் ஜூனியர் அசிஸ்டென்ட் பணியிலிருந்து விலகுகிறேன். இன்று, 07.03.2022 அன்று, இதற்கான நோட்டீஸ் அளிக்கிறேன். என் நியமனக் கடிதத்தின்படி நோட்டீஸ் காலம் 60 நாட்கள். அதன்படி என் கடைசி வேலை நாள் 06.05.2022, வெள்ளிக்கிழமை.

என் பொறுப்பில் உள்ள வெண்டர் பில்களையும் மாத இறுதிக் கணக்கு வேலையையும் நீங்கள் குறிப்பிடுபவரிடம் அதற்குள் ஒப்படைத்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததையும் மேலே உள்ள கடைசி வேலை நாளையும் பதில் மெயிலில் உறுதி செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி முடித்து நேராக இங்கே வந்த எனக்குக் கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலையை அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்ததற்கு உங்களுக்கும் அணிக்கும் நன்றி.

இப்படிக்கு,
(பெயர்)

இதில் காரணமே இல்லை, கவனித்தீர்களா? ஒப்பந்தம் கேட்காத வரைக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. மனசு கேட்கவில்லை என்றால், வேறு வாய்ப்பு கிடைத்திருப்பதால் என்று நாலு வார்த்தை போதும், கம்பெனி பெயர் வேண்டாம். இல்லாத கல்யாணத்தையும் இல்லாத மேல்படிப்பையும் மட்டும் எழுதாதீர்கள். கல்யாணம் என்று எழுதிய ஒருவரிடம் ஆபீஸே சேர்ந்து பத்திரிகை எங்கே, பத்திரிகை எங்கே என்று இரண்டு மாதம் கேட்டது, அவர் கடைசி வாரம் லீவ் போட்டுவிட்டே போனார்.

நன்றி சொல்கிற வரியைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இங்கே கழித்த நாட்கள் பொன்னானவை, நீங்கள் எனக்குத் தந்தை போன்றவர் என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவருக்கே சிரிப்பு வரும், முந்தின நாள்தான் நீங்கள் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். உண்மையாகக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லி எழுதினால் போதும். எனக்கு அந்தக் கம்பெனி மேல் வருத்தம் இருந்தது நிஜம். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எப்படிப் படிப்பது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்பதும் நிஜம். இரண்டாவதை எழுதினேன். சார் அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், அதுவரைக்கும் முகத்தை உர்ரென்று வைத்திருந்தவர்.

அவர் ஏன் உர்ரென்று இருந்தார் என்றால், வாயால் சொல்லாமல் மெயில் போட்டதால். அதுவும் ராத்திரியில். இது கடிதத்துக்குள் வராத விஷயம், ஆனால் கடிதத்தின் மரியாதை பாதி இதில்தான். யாருக்குக் கீழே வேலை செய்கிறோமோ அவரிடம் பகலில், ஐந்து நிமிஷம் தனியாகக் கேட்டு, "சார், நான் பேப்பர் போடலாம்னு இருக்கேன், இன்னிக்கு மெயில் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, அதே நாள் அனுப்பிவிட வேண்டும். சொல்லிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தால் இரண்டு நாள் வீண். வாயால் சொன்ன தேதி கணக்கில் வராது.

புதன்கிழமை எச்.ஆரிடமிருந்து பதில் வந்தது, கடைசி நாள் மே 6. இப்போது புதிய இடத்தில் மே 4 என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே, மூன்று நாள் இடிக்கிறது. ஆர்டரில், நோட்டீஸ் குறைந்தால் குறைந்த நாளுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. அங்கேயும் ஒரு நுணுக்கம். சம்பளம் என்றால் பேசிக்கா, மொத்தமா? எனக்கு மொத்தம் 18,000, பேசிக் 9,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு மொத்தக் கணக்கில் 600, பேசிக் கணக்கில் 300. மூன்று நாளுக்கு 1,800-ஆ 900-மா என்பது பெரிய விஷயம் இல்லை, ஆனால் ஒரு மாதம் குறைகிறவருக்கு அது 18,000-ஆ 9,000-மா என்று ஆகிவிடும். எங்கள் ஆர்டரில் மொத்தச் சம்பளம் என்றிருந்தது. அதுவும் நிர்வாகம் சம்மதித்தால்தான். பணத்தைக் கட்டிவிட்டேன் என்று நாமாக நின்றுவிட முடியாது.

நான் கட்டவில்லை. புதிய இடத்துக்குப் போன் செய்து, கடைசி நாள் மே 6 என்று உறுதியாகிவிட்டது, 9-ஆம் தேதி திங்கட்கிழமை சேரட்டுமா என்று கேட்டேன். ஒரு நிமிஷத்தில் சரி என்றார்கள், தேதி மாற்றிப் புது ஆஃபர் அனுப்பினார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக இருக்காது. அதனால்தான், சேரும் தேதியைச் சொல்வதற்கு முன்னால் ஆர்டரைப் படித்து எண்ணிவிட்டு, மேலே இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். அந்த மூன்று நாளும் இரண்டு இடத்திலும் இருந்த மாதிரி ஆகிவிட்டால், பி.எஃப். பதிவில் பழைய இடத்தில் விலகிய தேதியும் புதிய இடத்தில் சேர்ந்த தேதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்தாரா என்று அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் கேட்பார்கள்.

சீக்கிரம் விடச்சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. ஆனால் அதை விலகல் வரியோடு கலக்கக் கூடாது. முதலில் முழு நோட்டீஸ்படி தேதியை எழுதிவிட்டு, அப்புறம் தனி வரியாக, பொறுப்புகளை முன்னரே ஒப்படைக்க முடிந்தால் 29.04.2022 அன்றே விடுவிப்பது சாத்தியமா என்று கேட்கிறேன் என்று எழுதலாம். அவர்கள் முடியாது என்றால் முதல் தேதி அப்படியே நிற்கும். நான் எழுதின மாதிரி கூடிய சீக்கிரம் என்று விட்டால், நாளைக்கே அனுப்பிவிடவும் அதுவே காகிதமாகிவிடும், அப்போது இரண்டு மாதச் சம்பளம் போகும்.

நோட்டீஸ் காலத்தில் லீவ் விஷயத்திலும் இடித்துக்கொண்டேன். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு வியாழன், 15 புனித வெள்ளி, அதற்கு முந்தின நாள் 13-ஆம் தேதி ஒரு லீவ் போட்டால் ஊரில் ஐந்து நாள் இருக்கலாம் என்று திருநெல்வேலிக்குப் பகல் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நோட்டீஸில் எடுக்கிற லீவ் கடைசி நாளோடு சேரும் என்றார் மேடம். சேர்ந்தால் மே 6 வெள்ளி தாண்டி, சனி ஞாயிறு கழித்து, 9-ஆம் தேதி திங்கள் ஆகும். அன்றைக்குத்தானே புதிய இடத்தில் சேர வேண்டும்! டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு 13-ஆம் தேதி வேலை முடித்து ராத்திரி பஸ்ஸில் போனேன்.

மே 6 சாயங்காலம் லேப்டாப், ஐடி கார்டு, டிராயர் சாவி எல்லாம் கொடுத்து நோ டியூஸில் நாலு கையெழுத்து வாங்கினேன். அன்றைக்கே ஆபீஸ் மெயில் நின்றுவிட்டது. நல்லவேளை, கடிதத்தை அனுப்பும்போதே என் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட்டிருந்தேன், எச்.ஆர். உறுதி செய்த பதிலை பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். ரிலீவிங் லெட்டர் மூன்று வாரம் கழித்து வந்தபோது அதில் கடைசி நாள் 05.05.2022 என்று இருந்தது. யாரோ வேறு மாதிரி எண்ணியிருக்கிறார்கள். பிரின்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன், மறுநாளே திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சித்தி பையனுக்கு அந்த ராத்திரியிலேயே ஆடியோ மெசேஜாகச் சொன்னேன். அவன் ஆர்டரைத் தேடி எடுத்தான். புரொபேஷனில் 15 நாள் நோட்டீஸ், கன்ஃபர்ம் ஆன பிறகு 60. புரொபேஷன் ஆறு மாதம், ஆனால் எழுத்தில் உறுதி செய்யும் வரை அது தொடரும் என்று கீழே ஒரு வரி. அவன் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கன்ஃபர்மேஷன் லெட்டர் எதுவும் வரவில்லை, அதனால் எனக்கு 15 நாள்தான் என்று ஒரே சந்தோஷம். எதற்கும் மெயிலில் தேடிப்பார் என்றேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது, ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எச்.ஆர். அனுப்பிய மெயில், இன்னும் திறக்காமல் தடித்த எழுத்தில் இருந்தது. "அக்கா, இதுல என்னை கன்ஃபர்ம் பண்ணிருக்காங்க" என்று ஒரு வரி. காலையில் அனுப்பவில்லை. புதிய கம்பெனியிடம் சேரும் தேதியை மாற்றக் கேட்டிருக்கிறான், அவர்கள் பதில் வந்த பிறகுதான் அனுப்புவானாம்.